முத்தா, சங்கா? உடன்பிறந்தவர் தரும் கல்யாணப் பரிசு

மொய் நோட்டில் அண்ணன் பெயரும் ஒரு வரிதான், அடுத்த தெருக்காரர் பெயரும் ஒரு வரிதான். அந்த நோட்டில் ஏறாத ஒன்றைத் தங்கைக்குக் கொடுக்க நினைப்பவருக்குத் தூத்துக்குடிக் கடலில் இரண்டு பொருள் உண்டு: முத்து, சங்கு. இரண்டுமே மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி முங்கியவர்கள் எடுத்து வந்தவை. பரிசாகக் கொடுக்கும்போது மட்டும் இரண்டும் ஒன்றல்ல.

முத்துக்குத்தான் பெயர் பெரிது. ஆனால் 'தூத்துக்குடி முத்து' என்று யாராவது விற்றால், அது எந்தக் காலத்து முத்து என்று கேட்க வேண்டும். இங்கே முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். 1973-ல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. ஆனாலும் இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் வேறு நீரில் விளைந்த வளர்ப்பு முத்துதான். அழகுக்குக் குறைவில்லை, வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் அது மொய்ப்பணம் வேறு உருவில் போவதுதான் என்பது என் எண்ணம்.

வீட்டில் பழைய முத்து இருந்தால் கதையே வேறு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஆச்சியின் முத்துச்சரம் நூல் இற்றுப்போய் ஒரு டப்பாவில் உதிரியாகக் கிடந்தது. தங்கை கல்யாணத்துக்கு அக்கா அதைக் கையில் எடுத்தாள். ஒவ்வொன்றையும் முன்பல்லின் விளிம்பில் மெல்ல உரசிப் பார்த்தாள். முத்து என்றால் பொடி மணல் பட்டதுபோல நறநறக்கும்; கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வழுக்கிக்கொண்டு போகும். இடையில் யாரோ சேர்த்திருந்த போலிகள் அப்படி வெளியே வந்தன. (பல்லில் உரசி இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் பிரிக்க முடியாது, அதற்கு எக்ஸ்ரே வேண்டும்.) போலிகளை நீக்கியதில் சரம் குட்டையானது. அதை நீட்ட அவள் புது முத்து சேர்க்கவில்லை. பட்டுநூலில் ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சுப் போட்டுக் கோக்கச் சொன்னாள். முடிச்சு இருந்தால் முத்தும் முத்தும் உரசித் தேயாது. நூல் அறுந்தாலும் எல்லாம் சிதறி ஓடாது. சென்ட் அடித்து, பூ வைத்து, எல்லாம் முடிந்த பிறகே சரத்தை அணிய வேண்டும், கழற்றியதும் மெல்லிய துணியால் வியர்வையைத் துடைக்க வேண்டும் என்றும் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தாள். முத்தின் மேல்பூச்சு சுண்ணாம்புச் சத்து. அமிலம் பட்டால் மங்கிவிடும். அந்த அக்கா கொடுத்தது முத்தை அல்ல, அதற்காக உட்கார்ந்த நேரத்தை.

சங்குக்கு வருகிறேன். முத்துக்குளிப்பு நின்ற பிறகும் இந்தக் கரையில் சங்குகுளி நிற்கவில்லை. வங்காளத்தில் கல்யாணமான பெண்கள் கையில் போடும் வெள்ளை வளையலுக்கு நெடுங்காலமாக இங்கிருந்தும் சங்கு போயிருக்கிறது. நம் வீடுகளில் கைக்குழந்தைக்குப் பால் புகட்டியதும் சிறு சங்கில்தான். வெள்ளிப் பாலாடைக்கு அதுவே முன்மாதிரி. தங்கை கழுத்தில் தாலி ஏறினால் அண்ணன் நாளைய தாய்மாமன். பொரியிட்ட அதே கையால் அவன் ஒரு பால்சங்கைக் கொடுத்தால், பிறக்கப்போகும் பிள்ளைக்கு முதல் சீர் இப்போதே வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த அர்த்தம் முத்தில் இல்லை.

எடுக்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. கடலிலிருந்து வரும் சங்கின்மேல் பழுப்புத் தோல் இருக்கும். அதைச் சீக்கிரம் நீக்க அமிலத்தில் முக்கியிருந்தால் மேற்பரப்பு சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்து, நுண்ணிய வரிகள் அழிந்திருக்கும். பால் புகட்ட அது ஆகாது. சுரண்டித் தேய்த்துச் சுத்தம் செய்ததை வாங்கி, ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். வலம்புரி என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டால் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். நம் சங்கின் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் விரலில் தட்டும். மடிப்பே இல்லாமல் வழவழப்பாக இருந்தால், அது அமெரிக்கக் கடலிலிருந்து வந்த வேறு இனம். அதற்கு இயல்பே அந்தப் பக்கம் திரும்புவதுதான்.

சங்குக்கு ஒரு தடை உண்டு. சாவு வீட்டிலும் சங்கு ஊதுகிறார்கள். கல்யாணத்தில் அதைக் கொடுப்பதா என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். ஊதும் சங்கின் நுனி அறுக்கப்பட்டிருக்கும், பால்சங்கு முழுசாக இருக்கும், அதை ஊத முடியாது. இதை முன்கூட்டியே அவர்களிடம் காட்டிப் பேசிவிடுவது நல்லது. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் மணமேடையில் வேண்டாம், மறுவீட்டுக்கு வரும்போது தங்கை கையில் கொடுக்கலாம்.

ஆச்சியின் முத்து பெட்டியில் இருந்தால் நான் முத்துப் பக்கம். இல்லையென்றால் கடை முத்தைத் தேடி அலையாமல், நல்ல பால்சங்கு ஒன்றை நாமே தேய்த்துச் சுத்தம் செய்து கொடுப்பேன்.