தேய்மானம்: நேர்க்கோட்டு முறையும் குறைந்துசெல் மதிப்பு முறையும்

பயன்பாட்டாலும் காலப்போக்காலும் ஒரு நிலைச்சொத்து இழக்கும் மதிப்பை ஆண்டுதோறும் செலவாகக் கணக்கில் எழுதுவது தேய்மானம். நேர்க்கோட்டு முறையில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே தொகை எழுதப்படும். குறைந்துசெல் மதிப்பு முறையில் விகிதம் ஒன்றுதான். ஆனால் அது ஆண்டுத் தொடக்கத்தில் எஞ்சியிருக்கும் ஏட்டு மதிப்பின் மீது கணக்கிடப்படுவதால் தொகை ஆண்டுக்காண்டு சுருங்கும்.

எடுத்துக்காட்டு

சரக்கு வேன் ஒன்றின் அடக்கவிலை ரூ. 6,25,000, நான்கு ஆண்டுகள் ஓட்டியபின் ரூ. 81,000-க்கு விற்கலாம் என்று மதிப்பிடுவோம். எழுத வேண்டிய மொத்தத் தேய்மானம் ரூ. 5,44,000. நேர்க்கோட்டு முறையில் இதை நான்கால் வகுக்க, ஆண்டுக்கு ரூ. 1,36,000. மற்ற முறையில் விகிதம் 40%.

| ஆண்டு | நேர்க்கோடு (ரூ.) | குறைந்துசெல் மதிப்பு (ரூ.) |
|---|---|---|
| 1 | 1,36,000 | 2,50,000 |
| 2 | 1,36,000 | 1,50,000 |
| 3 | 1,36,000 | 90,000 |
| 4 | 1,36,000 | 54,000 |

இரண்டின் கூட்டுத்தொகையும் ஒன்றே; செலவு எந்த ஆண்டில் விழுகிறது என்பதில்தான் வேறுபாடு.

எது எதற்குப் பொருந்தும்

இந்த வேனின் பழுதுபார்ப்புச் செலவு முறையே ரூ. 10,000, 40,000, 80,000, 1,20,000 என ஏறுவதாகக் கொள்வோம். நேர்க்கோட்டு முறையில் தேய்மானமும் பழுதுச் செலவும் சேர்ந்த சுமை முதலாண்டில் ரூ. 1,46,000, நான்காம் ஆண்டில் ரூ. 2,56,000. வண்டி ஓடும் ஓட்டம் அதேதான், இலாபம் மட்டும் சரிந்ததுபோல் தெரியும். குறைந்துசெல் மதிப்பு முறையில் அதே சுமை ரூ. 2,60,000-இல் தொடங்கி ரூ. 1,74,000-இல் முடியும்; பழுதுச் செலவு ஏற ஏறத் தேய்மானம் இறங்கி அதை ஈடுகட்டுகிறது. தொடக்கத்தில் வேகமாக மதிப்பிழக்கும் வாகனம், இயந்திரம், கணினி ஆகியவற்றுக்கு இம்முறை ஏற்றது. ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே பயன் தரும் கட்டடம், அறைகலன், காலவரையுள்ள காப்புரிமை ஆகியவற்றுக்கு நேர்க்கோடே இயல்பானது.

விகிதத்தில் நேரும் பிழை

அடக்கவிலை C, இறுதி மதிப்பு S, ஆயுள் n ஆண்டுகள் என்றால் குறைந்துசெல் மதிப்பு முறையின் விகிதம்:

```
r = 1 − (S/C)^(1/n)
```

இதற்குப் பதிலாக நேர்க்கோட்டின் விகிதத்தையே (1,36,000 ÷ 6,25,000 = 21.76%) எஞ்சிய மதிப்பின் மீது போட்டால், நான்காம் ஆண்டு முடிவில் ஏட்டில் சுமார் ரூ. 2,34,000 நிற்கும். வேனை ரூ. 81,000-க்கு விற்கும் நாளில் ஏறத்தாழ ரூ. 1,53,000 நட்டமாக வெளிப்படும். பழைய சொத்துகளை விற்கும்போதெல்லாம் நட்டமே வந்தால் விகிதம் போதவில்லை என்று பொருள். இறுதி மதிப்பு சுழியானால் இந்தச் சூத்திரம் உதவாது. விகிதம் 100% ஆகி, முழு விலையும் முதலாண்டிலேயே செலவாகிவிடும்.

இந்திய நடைமுறை

2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொத்துகளின் பயனுள்ள ஆயுளைத் தருகிறது. முறையை நிறுமமே தேர்ந்தெடுக்கலாம். வருமான வரிக் கணக்கில் பொதுவாகக் குறைந்துசெல் மதிப்பு முறையே செல்லும். மின் உற்பத்தி நிறுவனங்களுக்கு நேர்க்கோட்டைத் தேர்ந்தெடுக்க இடமுண்டு. அதனால் ஏட்டில் நேர்க்கோட்டைப் பின்பற்றும் நிறுமம் வரிக்கெனத் தனியே ஒரு தேய்மானப் பட்டியல் வைத்திருக்க வேண்டியிருக்கும்.