ருமாட்டிக் வால்வும் வளராத கல்ச்சரும்: டியூக் அளவுகோலை எப்படி வாசிப்பது

தொற்றால் வரும் இதய உள்ளுறை அழற்சியைப் பற்றி மருத்துவ மாணவரிடம் நான்கு கேள்விகள் கேட்கிறோம். யாருக்கு வரும்? எந்தக் கிருமியால்? எந்த வால்வில்? எதைக் கொண்டு உறுதிசெய்வது? நான்குக்கும் நான்கு பட்டியல்களை மனப்பாடம் செய்து வருகிறார்கள். முதல் மூன்றும் ஒரே காரணத் தொடரின் கண்ணிகள் என்பதும், நான்காவதான டியூக் அளவுகோல் ருமாட்டிக் வால்வு நோயாளியிடம் ஒரு குறிப்பிட்ட விதத்தில் தடுமாறுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். இந்திய மருத்துவமனைகளில் ருமாட்டிக் வால்வு இன்னும் அரிதாகிவிடவில்லை. ரத்தம் எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்கிவிட்டு வருபவர்களும் இங்கே மிகுதி. இவ்விரண்டும் ஒரே நோயாளியிடம் சேரும்போதுதான் தடுமாற்றம் வெளிப்படுகிறது.

காரணத் தொடரை ஈரிதழ் வால்வின் பின்கசிவில் தெளிவாகக் காணலாம். இடது கீழறை சுருங்கும்போது அங்கே அழுத்தம் ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் பாதரசம். இடது மேலறையில் 10 அளவுதான். சரியாக மூடாத இதழ்களின் இடைவெளியில் ரத்தம் அந்த வேறுபாட்டோடு பீறிட்டுப் பின்னோக்கிப் பாய்கிறது. பாய்ச்சல் உராயும் இடத்தில் உள்ளுறைச் செல்கள் சிதைய, தட்டணுக்களும் ஃபைப்ரினும் அங்கே மெல்லியதாகப் படிகின்றன. இதுவரை கிருமி எதுவும் இல்லை. பல் ஈறிலிருந்து ரத்தத்தில் கலக்கும் விரிடான்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற சாதுவான கிருமி, முழுமையான உள்ளுறையில் ஒட்ட முடியாமல் போனாலும் இந்தப் படிவில் ஒட்டிக்கொள்ளும். படிவு வளர்ந்து வெஜிடேஷன் எனும் திரளாகிறது.

திரள் எங்கே உருவாகும் என்பதையும் பாய்ச்சலே தீர்மானிக்கிறது. 1963இல் சைமன் ராட்பார்ட் ஒரு குறுகிய துளையின் வழியே கிருமிகளை அகர் பூசிய குழாய்க்குள் செலுத்திக் காட்டினார். துளையைத் தாண்டியதும், அழுத்தம் குறைந்த பக்கத்தில்தான் அவை படிந்தன. ஈரிதழ் வால்வின் பின்கசிவில் திரள் மேலறைப் பக்கத்தில் தொங்குவதும், பெருந்தமனி வால்வின் பின்கசிவில் கீழறைப் பக்கத்தில் தொங்குவதும் இதனால்தான். பின்கசிவு இல்லாத தூய ஈரிதழ்ச் சுருக்கத்திலும், மேலறைச் சுவரில் உள்ள செகண்டம் வகை ஓட்டையிலும் தொற்று அரிதாக இருப்பதற்கும் விளக்கம் இங்கேயே கிடைக்கிறது: அழுத்த வேறுபாடு சிறியது, பாய்ச்சலில் வேகம் இல்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இந்தத் தொடருக்கு விலக்கு. அதற்குப் பழுதில்லாத வால்வே போதும். ஊசியால் போதைப்பொருள் ஏற்றுவோரிடம் அது சிரை வழியே வந்து முதலில் சந்திக்கும் மூவிதழ் வால்வைப் பிடிக்கிறது. உடையும் திரள் துண்டுகள் உடலெங்கும் சிதறாமல் நுரையீரலில் விழுகின்றன.

இனி நான்காவது கேள்வி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1994இல் வகுக்கப்பட்டு, 2000இலும் 2023இலும் திருத்தப்பட்ட அளவுகோல் சான்றுகளைப் பெரியவை, சிறியவை என்று பிரிக்கிறது. இரண்டு பெரியவை, அல்லது ஒரு பெரியதும் மூன்று சிறியவையும், அல்லது ஐந்து சிறியவை இருந்தால் நோய் உறுதி. ஒரு பெரியதும் ஒரு சிறியதும், அல்லது மூன்று சிறியவை இருந்தால் ‘சாத்தியம்’. மருத்துவர் தினமும் நாடும் பெரிய சான்றுகள் இரண்டு: உரிய கிருமி தனித்தனி ரத்தக் கல்ச்சர்களில் வளர்வது, எக்கோவில் திரள், சீழ்க்கட்டி அல்லது புதிய பின்கசிவு தெரிவது.

வார்டில் வழக்கமாகக் காணும் ஒரு நிலையை மாதிரியாக வைத்து எண்ணிப் பார்ப்போம். 28 வயதுப் பெண். சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வில் பின்கசிவு. ஆறு வாரமாக மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு. அருகிலிருந்த மருத்துவரிடம் அமாக்சிசிலின் வாங்கி ஐந்து நாள் சாப்பிட்டார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது, நிறுத்திய ஒரு வாரத்தில் திரும்பியது. மருத்துவமனையில் 38.6 டிகிரி செல்சியஸ், ஹீமோகுளோபின் 9, மண்ணீரல் விரல்நுனியில் படுகிறது, ருமட்டாய்டு காரணி உண்டு. மூன்று கல்ச்சர்களிலும் ஐந்து நாளில் எதுவும் வளரவில்லை. மார்பு வழி எக்கோவில் தடித்த இதழ்களும் பழைய பின்கசிவும். திரள் இருப்பதாகச் சொல்ல முடியவில்லை.

முன்சாய்வு ஒன்று, காய்ச்சல் ஒன்று, ருமட்டாய்டு காரணி ஒன்று: மூன்று சிறியவை. ரத்தச்சோகையும் பெரிதான மண்ணீரலும் கணக்கில் சேரா. ஆகவே ‘சாத்தியம்’ மட்டுமே. இவரிடம் பெரிய சான்றுக்கான ஒவ்வொரு வழியும் ஏன் அடைபட்டது என்று பார்க்க வேண்டும். கல்ச்சரை முன்பே விழுங்கிய மாத்திரை அடைத்தது. முன்கூட்டிய ஆன்டிபயாடிக் கிருமி வளரும் வாய்ப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைக்கும். எக்கோவில் புதிய பின்கசிவு பெரிய சான்று, ஆனால் ஏற்கெனவே உள்ள பின்கசிவு கூடியிருந்தால் அது போதாது என்கிறது அளவுகோல். ருமாட்டிக் நோயாளிக்குப் பின்கசிவு பெரும்பாலும் பழையது. மிஞ்சுவது திரள், அதைத் தழும்பேறித் தடித்த இதழே மறைக்கிறது. எந்த வால்வுப் பழுது நோய்க்கு இடம் கொடுத்ததோ, அதே பழுது சான்றையும் மறைக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நான்கு நாள் அல்லது அதற்குக் குறைந்த ஆன்டிபயாடிக்கில் எல்லாம் தணிந்தால் நோயை நிராகரிக்கலாம் என்று பழைய வடிவங்கள் கூறின. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்ட இப்பெண்ணை அந்த நேரத்தில் பார்த்தவர் நிராகரித்தே இருப்பார். கிருமியின் எண்ணிக்கை குறைந்தது, அவ்வளவுதான். திரளின் உள்ளே தட்டணுவும் ஃபைப்ரினும் மூடிய கிருமிக்கு மாத்திரையின் அளவு எட்டவில்லை. மீண்டும் திரும்பாமை வேண்டும் என்று 2023 திருத்தம் சேர்த்தது இந்த இடத்தில் மிகப் பொருத்தமானது. மாத்திரைக்குப் பணிந்து மீண்டும் எழும் காய்ச்சலை வால்வு நோயாளியிடம் எதிர்ச்சான்றாகக் கொள்ளக் கூடாது. என் கணிப்பில் அது நோயின் பக்கமே சாய்கிறது.

ஆகவே கல்ச்சர் அறிக்கையை முதல் ஆன்டிபயாடிக் வேளையின் தேதியோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். அந்தத் தேதி எழுதப்படாத நோயேட்டில் ‘வளர்ச்சி இல்லை’ என்ற சொற்களுக்கு நோயை விலக்கும் வலு கிடையாது. இப்பெண்ணைப் போல நிலை மெதுவாகச் செல்பவருக்கு, இதயச் செயலிழப்போ பக்கவாதமோ இல்லையெனில், மருந்தை நிறுத்திச் சில நாள் கழித்துக் கல்ச்சரைத் திரும்ப எடுக்கலாம்: மூன்று தனித்தனிக் குத்தல்கள், ஒவ்வொன்றிலும் இரு பாட்டில்களுக்குமாக 20 மில்லி அளவு. காய்ச்சல் உச்சத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இந்நோயில் கிருமி ரத்தத்தில் இடைவிடாமல் இருக்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் தொற்றில் காண்பதுபோல வேகமாகச் சரியும் நோயாளியிடம் இப்படிக் காத்திருப்பது தவறு. மூன்று மாதிரிகளையும் விரைந்து எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்க வேண்டும்.

அடுத்தது உணவுக்குழாய் வழி எக்கோ. இடது மேலறையை ஒட்டியே பின்னால் ஆய்வுமுனை நிற்பதால், பாய்ச்சல் விதி சொல்லும் அதே மேலறைப் பக்கம் நேராகத் தெரிகிறது. அங்கே முன்னிதழின் நுனியில், இதழின் அசைவோடு ஒட்டாமல் தனியே ஆடும் 11 மில்லிமீட்டர் திரள் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம்: ஒரு பெரியதும் மூன்று சிறியவையும் சேர்ந்து நோய் உறுதியாகிறது, ஒரு கிருமியும் வளராமலே. முதல் முறை தெரியாமல் சந்தேகம் நீங்காவிட்டால் ஐந்து முதல் ஏழு நாளில் திரும்பப் பார்க்க வேண்டும்.

மறுபக்கமும் எச்சரிக்கை தேவை. லூபஸ் நோயிலும் புற்றுநோயிலும் கிருமியில்லாத திரள்கள் வால்வில் உண்டாகும். இடது மேலறைக் கட்டியான மிக்சோமா காய்ச்சலும் எடைக்குறைவும் தந்து ஏமாற்றும். மாத்திரை சாப்பிடாதவரிடம் கல்ச்சர் வளராவிட்டால் காக்சியெல்லாவுக்கும் பார்ட்டனெல்லாவுக்கும் எதிர்ப்பொருள் சோதனை முதலில் வேண்டும். கால்நடையோடும் பூனையோடும் பழக்கம் உண்டா என்று அப்போதே கேட்டுக் குறிக்க வேண்டும். வால்வை அறுவையில் மாற்ற நேர்ந்தால், வெட்டியெடுத்த இதழின் ஒரு துண்டு திசு ஆய்வுக்கும் மற்றொரு துண்டு ஃபார்மலினில் போடாமல் கிருமி மரபணுச் சோதனைக்கும் செல்ல வேண்டும். முழுவதையும் ஃபார்மலினில் இட்டுவிட்டால் கல்ச்சருக்கு வழியே இல்லை. மரபணுச் சோதனையும் பெரிதும் கெடும்.