டெங்கு எச்சரிக்கை அறிகுறிகள்: வயிற்றுவலியும் தொடர் வாந்தியும்

டெங்குக் காய்ச்சலில் விடாத வயிற்றுவலியும் அடுத்தடுத்து வரும் வாந்தியும் நோய் ஆபத்தான கட்டத்தை எட்டுவதற்கான அறிகுறிகள். பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் விடும் வேளையில் இவை தோன்றும்.

1950களில் மணிலாவிலும் பாங்காக்கிலும் குழந்தைகளிடையே இரத்தக்கசிவுடன் கூடிய காய்ச்சல் பரவியபோதுதான் டெங்குவின் கொடிய முகம் தெரியவந்தது. பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் திரண்ட அனுபவத்தைக் கொண்டு உலகச் சுகாதார நிறுவனம் 1970களில் ஒரு வகைப்பாட்டை வகுத்தது. அதன் 1997ஆம் ஆண்டு வடிவத்தில், ‘டெங்கு இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று சொல்ல நான்கு கூறுகள் வேண்டும்: காய்ச்சல், இரத்தக்கசிவு, 1 லட்சமோ அதற்குக் குறைவோ ஆன தட்டணுக்கள், பிளாஸ்மா கசிவு. நான்கும் கூடாமலே அதிர்ச்சி நிலைக்குப் போன நோயாளிகள் இந்தச் சல்லடையில் நழுவினார்கள். 2009இல் வந்த புதிய வகைப்பாடு எச்சரிக்கை அறிகுறிகளைத் தனியே வரிசைப்படுத்தியது. அதில் வயிற்றுவலியும் வாந்தியும் இடம்பெற்றன. படுக்கைகள் வீணாக நிரம்பும் என்று பழைய முறையின் ஆதரவாளர்கள் முணுமுணுத்தாலும், புதியதே பொருத்தமானது.

வலிக்குக் காரணம் இரைப்பையன்று. நுண்குழாய்களிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து வயிற்றுக்குள் தேங்குகிறது, பித்தப்பையின் சுவர் தடிக்கிறது, கல்லீரல் வீங்குகிறது. அதனால் வலி பல வேளைகளில் வலப்பக்க விலாவுக்குக் கீழே நிற்கும். வீட்டில் இதைக் ‘கேஸ்’ என்பார்கள். குடல்வால் அழற்சி என்று அறுவை அறை வரை போனதும் உண்டு.

ஞாயிறன்று காய்ச்சல் கண்ட 12 வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். புதன் இரவு காய்ச்சல் விடுகிறது. வீட்டார் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். வியாழன் காலைக்குள் மூன்று முறை வாந்தி. குடித்த கஞ்சித் தண்ணீர் தங்கவில்லை. வலப்பக்க வயிற்றைத் தொட விடமாட்டேன் என்கிறான். சிறுநீர் போய் ஆறு மணி நேரம் ஆகிறது, கைகால் சில்லென்றிருக்கிறது. மருத்துவமனையில் பார்த்தால் செவ்வணு அடர்த்தி 36இலிருந்து 44 சதவீதமாக ஏறியிருக்கிறது. அதாவது இரத்தம் கெட்டியாகியிருக்கிறது. இரத்த அழுத்தம் 100/82. மேல் எண் சரியாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் இடைவெளி வெறும் 18. இது 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினாலே அதிர்ச்சி தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆகவே 24 மணி நேரத்தில் மூன்று முறை வாந்தி எடுத்தாலோ, வயிற்றுவலி விடாமல் இருந்தாலோ, தட்டணு எண்ணிக்கை வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கசிவு 24 முதல் 48 மணி நேரத்தில் நிற்கும். அதுவரை அளந்து ஏற்றும் சலைன்தான் சிகிச்சை. வைரஸைக் கொல்லத் தனி மருந்து இல்லை. வலிக்கு ஐபுபுரூஃபன் மாத்திரையோ டைக்ளோஃபெனாக் ஊசியோ கூடாது. இவை இரத்தக்கசிவைக் கூட்டும்.