வேல்யூ பங்கா, குரோத் பங்கா? ஒன்று ஓடும்போது இன்னொன்று ஏன் தூங்குகிறது? முந்திரித் தோப்பு கணக்கில் எளிய விளக்கம்

பங்குச்சந்தையில் சில வருஷம் ஒரு வகைப் பங்குகள் ஓடும், அடுத்த சில வருஷம் அவை அப்படியே நின்றுவிடும். 2020-ல் யாரும் சீண்டாத கோல் இந்தியா அடுத்த 4 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 3 மடங்கானது. எல்லோரும் விரும்பிய இந்துஸ்தான் யூனிலீவர் அதே 4 ஆண்டுகளில் இருந்த இடத்திலேயே நின்றது. ஏன் இப்படி?

வேல்யூ, குரோத்: என்ன வித்தியாசம்?

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் பக்கம் முந்திரித் தோப்புகள் அதிகம். அங்கே இரண்டு தோப்புகள் விலைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, இப்போதே காய்க்கும் பழைய தோப்பு. "இனி இதில் பெரிசா என்ன வரப்போகுது" என்று விலை குறைத்துக் கேட்கிறார்கள். இன்னொன்று, இப்போதுதான் ஒட்டுக்கன்று நட்ட தோப்பு. இன்றைக்கு வருமானம் குறைவு. ஆனால் பின்னாடி நன்றாகக் காய்க்கும் என்ற நம்பிக்கையில் விலை அதிகம்.

முதல் தோப்பை வாங்குவது வேல்யூ முதலீடு. இரண்டாவது, குரோத் முதலீடு.

பங்குகளில் இதைக் காட்டுவது பி.இ. விகிதம். ஒரு ரூபாய் ஆண்டு லாபத்துக்குச் சந்தை எத்தனை ரூபாய் விலை கொடுக்கிறது என்பதுதான் அது.

2020-ல் என்ன நடந்தது?

2020 டிசம்பர் இறுதியில் கோல் இந்தியா பங்கு சுமார் 135 ரூபாய். 2019-20-ல் ஒரு பங்குக்கான லாபம் சுமார் 27 ரூபாய். அதாவது பி.இ. வெறும் 5. நிலக்கரிக்கு எதிர்காலமே இல்லை என்று சந்தை நினைத்தது.

அதே நாளில் இந்துஸ்தான் யூனிலீவர் சுமார் 2,400 ரூபாய். 2020-21-ல் ஒரு பங்குக்கான லாபம் சுமார் 34 ரூபாய். பி.இ. கிட்டத்தட்ட 70!

அதன் பிறகு மின்தேவை கூடியது, உலகச் சந்தையில் நிலக்கரி விலை எகிறியது. 2023-24-ல் கோல் இந்தியாவின் லாபம் பங்குக்கு சுமார் 60 ரூபாய் ஆனது. 2024 இறுதியில் பங்கு விலை சுமார் 385 ரூபாய். டிவிடெண்ட் தனி.

யூனிலீவர் நஷ்டமா அடைந்தது? இல்லை. லாபம் பங்குக்கு 34-லிருந்து சுமார் 43 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் பி.இ. 70-லிருந்து 54-ஆக இறங்கியது. லாபம் ஏறியதை, பி.இ. இறங்கியது விழுங்கிவிட்டது. 2024 இறுதியில் விலை சுமார் 2,325 ரூபாய்தான். நல்ல கம்பெனிதான், வாங்கிய விலைதான் அதிகம்.

காலத்துக்குக் காலம் மாறுவது ஏன்?

முதல் காரணம் வட்டி. 10 ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய்க்கு, 6% வட்டிக் கணக்கில் இன்றைய மதிப்பு சுமார் 56 ரூபாய். வட்டி 9% ஆனால் 42 ரூபாய்தான். ஆனால் 2 ஆண்டில் வரும் 100 ரூபாயின் மதிப்பு 89-லிருந்து 84-ஆகத்தான் குறையும். அதனால் வட்டி ஏறும்போது, தூரத்தில் வரும் லாபத்தை நம்பியிருக்கும் குரோத் பங்குகளுக்கே அடி அதிகம். ரெப்போ வட்டி 2020 மே மாதம் 4%. 2023 பிப்ரவரியில் 6.5%.

இரண்டாவது காரணம் பொருளாதாரச் சூழல். நாடே மந்தமாக இருக்கும்போது லாபம் வளரும் கம்பெனிகள் சிலதான். அதற்கு எல்லோரும் போட்டி போடுவார்கள். பொருளாதாரம் எழுந்தால் நிலக்கரி, சிமெண்ட், ஸ்டீல், வங்கி என எல்லாவற்றிலும் லாபம் கூடும். அப்போது மலிவாகக் கிடந்த பங்குகளுக்கு லாபமும் ஏறும், பி.இ.-யும் ஏறும். கோல் இந்தியா எழத் தொடங்கியது, ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றும் முன்பே. வட்டி மட்டும் காரணமில்லை என்பதற்கு இதுவே உதாரணம்.

மலிவு என்றாலே லாபமா?

இல்லை. இதே கோல் இந்தியா 2015-ல் 400 ரூபாயைத் தாண்டியது. அங்கிருந்து 5 ஆண்டுகள் இறங்கிக்கொண்டே வந்தது. "விலை குறைஞ்சிடுச்சே" என்று நடுவில் வாங்கியவர்கள் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. இதைத்தான் 'வேல்யூ டிராப்' என்கிறார்கள்.

கண்டுபிடிக்க 3 விஷயங்களைப் பாருங்கள். விற்பனை வருஷா வருஷம் குறைகிறதா? கடன் ஏறுகிறதா? கணக்கில் காட்டும் லாபம் கையில் பணமாக வருகிறதா? தோப்பு மலிவாக வந்தாலும், மரமே பட்டுப்போயிருந்தால் என்ன பயன்?

குரோத் பங்குக்குக் கேள்வி வேறு: இன்றைய பி.இ. பாதியானாலும் தாங்கும் அளவுக்கு லாபம் வளருமா?

எந்தக் கட்டம் எப்போது மாறும் என்று முன்கூட்டியே சொல்வது கடினம். கட்டம் மாறியது தெரிவதற்குள் விலை பாதி தூரம் போயிருக்கும். அதனால்தான் பலர் இரண்டு வகையிலும் பணத்தைப் பிரித்து வைக்கிறார்கள்.

(இது புரிதலுக்கான விளக்கம் மட்டுமே, எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ பரிந்துரை அல்ல.)