முதன்மை நினைவகத் தரவுத்தளங்களின் வரலாறு

முதன்மை நினைவகத் தரவுத்தளம் என்பது தரவுகள் அனைத்தையும் கணினியின் முதன்மை நினைவகத்திலேயே (ரேம்) வைத்து இயங்கும் தரவுத்தளம் ஆகும். வழக்கமான தரவுத்தளத்தில் தரவின் இருப்பிடம் வட்டு. தேவைப்படும் பகுதி மட்டும் நினைவகத்துக்கு வந்து போகும். இங்கோ நினைவகமே இருப்பிடம். வட்டு, மின்சாரம் போனால் மீள்வதற்கான காவல் மட்டுமே.

வட்டைப் படிக்கக் காத்திருப்பது நின்றுவிட்டால் எல்லாம் வேகமாகிவிடும் என்பது இயல்பான எண்ணம். ஆனால், காத்திருப்பு ஓரிடத்தில் நீங்கியதும் வேறோர் இடத்தில் தலைகாட்டியது. இத்துறையின் வரலாறு பெரும்பாலும் அதைத் துரத்திச் சென்ற வரலாறே.

1984: பதிவேட்டின் சிக்கல்

1984ஆம் ஆண்டு டேவிட் டிவிட், ராண்டி காட்ஸ், மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் உள்ளிட்ட அறுவர் முதன்மை நினைவகத் தரவுத்தளங்கள் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அதில் வங்கிப் பரிமாற்றம் ஒன்றை எடுத்துக்கொண்டனர். கணக்குகள் எல்லாம் நினைவகத்திலேயே இருக்கின்றன. ஆகவே படிக்க வட்டு தேவையில்லை. ஆனால் "பணம் செலுத்தப்பட்டது" என்று வாடிக்கையாளருக்கு விடை சொல்லும் முன், நடந்ததை வட்டிலுள்ள பதிவேட்டில் (லாக்) எழுதியாக வேண்டும். இல்லையேல் மின்தடையில் பணம் மாயமாகிவிடும்.

பதிவேட்டின் ஒரு பக்கத்தை எழுத அன்றைய வட்டுக்கு 10 மில்லிவினாடி ஆகும். பரிமாற்றத்துக்கு ஒரு பக்கம் என்று எழுதினால் வினாடிக்கு 100 பரிமாற்றங்களே முடியும். நினைவகம் எவ்வளவு விரைவானதாக இருந்தாலும் இந்த உச்சவரம்பு நகராது.

இதற்கு அவர்கள் விளக்கிய வழி 'குழு உறுதிப்படுத்தல்' என்பதாகும். ஒரு பரிமாற்றம் விட்டுச்செல்லும் குறிப்பு ஏறத்தாழ 400 பைட். பதிவேட்டுப் பக்கம் 4096 பைட். ஆக, பத்துப் பரிமாற்றங்களின் குறிப்பு ஒரே பக்கத்தில் அடங்கும். பக்கம் நிரம்பும்வரை பொறுத்து ஒரே தடவையில் எழுதினால் அதே வட்டில் வினாடிக்கு 1000 பரிமாற்றங்கள் கிடைக்கும். ஊர்ப்பேருந்து நிறையும்வரை நின்று புறப்படுவது போன்ற ஏற்பாடு இது. தனியொரு பயணிக்குச் சற்றுத் தாமதம். ஒரு நாளில் ஊர்சேரும் பயணிகளோ பன்மடங்கு.

காத்திருக்கும் பரிமாற்றம் தன் கணக்குகளின் பூட்டையும் பிடித்துக்கொண்டிருந்தால் பின்னால் வருவோர் முடங்கிப்போவர். எனவே குறிப்பு நினைவகப் பக்கத்தில் ஏறியதுமே பூட்டு விடுவிக்கப்படும். வாடிக்கையாளருக்கான விடை மட்டும் வட்டில் எழுதிய பிறகு போகும். அதற்குள் வேறொரு பரிமாற்றம் அந்தப் புதிய இருப்பைப் படித்துவிட்டால் தவறாகாதா? ஆகாது. அதன் குறிப்பு அதே பக்கத்திலோ அடுத்த பக்கத்திலோ தான் வரும். முன்னது அழிந்தால் பின்னதும் அழியும், பொய்விடை யாருக்கும் போயிருக்காது.

தேடும் அமைப்பில் ஒரு சுற்று

தரவைத் தேடித்தரும் இன்டெக்ஸ், வட்டுக் காலத்தில் பி-பிளஸ் மரமாக அமைந்தது. ஒரு கணுவில் நூற்றுக்கணக்கான சாவிகளை அடுக்கினால், இரண்டு மூன்று தடவை வட்டைப் படிப்பதிலேயே வேண்டியது கிடைத்துவிடும். தரவு நினைவகத்துக்கு வந்ததும் இந்தக் காரணம் மறைந்தது. 1986இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டோபின் லேமன், மைக்கேல் கேரி ஆகியோர் டி-மரத்தை முன்வைத்தனர். அதில் சாவிகளின் நகல்கூட இல்லை. பதிவு எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே. பதிவு பக்கத்திலேயே இருக்கும்போது சாவியை இன்னொரு முறை எழுதிவைப்பானேன் என்பது வாதம். நினைவகம் விலையுயர்ந்திருந்த நாளில் அது சரியான வாதமே. எச்.பி. ஆய்வகத்தில் பிறந்து 1996இல் தனி நிறுவனமான டைம்ஸ்டென் தன் தரவுத்தளத்தில் டி-மரத்தைப் பயன்படுத்தியது. 2005இல் ஆரக்கிள் அதை வாங்கிக்கொண்டது.

இதற்கிடையில் செயலியின் வேகம் நினைவகத்தின் வேகத்தை வெகுவாக முந்திவிட்டது. செயலிக்குள் இருக்கும் சிறு கேஷ் நினைவகத்தில் இல்லாததை ரேமிலிருந்து வரவழைக்க, செயலி நூறு சுழற்சிகளுக்கு மேலும் காத்திருக்க நேர்ந்தது. டி-மரத்தில் சாவியை ஒப்பிடும் ஒவ்வொரு முறையும் முகவரியைப் பின்தொடர்ந்து வேறோர் இடத்துக்குத் தாவ வேண்டும். தாவல்தோறும் ஒரு காத்திருப்பு. 1999, 2000 ஆண்டுகளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜுன் ராவ், கென்னத் ராஸ் இருவரும், கணுவின் அளவைக் கேஷ் வரிசையின் அளவுக்குச் சுருக்கிச் சாவிகளை அடுத்தடுத்து வைத்தால் பி-பிளஸ் மரமே முந்துகிறது என்று காட்டினர். வெளியே அனுப்பப்பட்ட அமைப்பு, உருவம் சிறுத்து மீண்டும் உள்ளே வந்தது.

மற்றொரு மாற்றம் அமைதியாக நடந்தது. இத்தகைய பல தரவுத்தளங்கள் இன்டெக்ஸில் நிகழும் மாற்றங்களைப் பதிவேட்டில் எழுதுவதே இல்லை. தரவு மீண்டதும் இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டிக்கொள்கின்றன.

மிச்ச நேரம் எங்கே போகிறது?

2008இல் ஹாரிசோபௌலோஸ், அபாடி, மேடன், ஸ்டோன்பிரேக்கர் ஆகியோர் ஷோர் என்ற தரவுத்தளத்தை எடுத்து, தரவு முழுவதையும் நினைவகத்தில் வைத்து, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தனர். வட்டுப் பக்கங்களை நிர்வகிக்கும் பகுதி மட்டுமே மூன்றில் ஒரு பங்கு கட்டளைகளை விழுங்கியது. பூட்டுகளும் பதிவேடும் இன்னொரு பெரும்பங்கை எடுத்தன. எல்லாவற்றையும் நீக்கியபின் வினாடிக்கு 640ஆக இருந்த பரிமாற்றங்கள் சுமார் 12,700 ஆயின. வட்டே இல்லாதபோதும் வட்டுக்கான சடங்குகள் நடந்துகொண்டிருந்தன என்பதே இதன் பொருள்.

இதே குழுவினர் சார்ந்த எச்-ஸ்டோர் திட்டத்தில், தரவைப் பங்குகளாகப் பிரித்து ஒவ்வொரு பங்கிலும் ஒரு நேரத்தில் ஒரு பரிமாற்றம் மட்டும் ஓடியது. வட்டுக்காக நிற்க வேண்டியதில்லை என்பதால் ஒவ்வொன்றும் நொடியின் சிறு துளிக்குள் முடிந்துவிடும், பூட்டுக்கே அவசியமில்லை. அதன் வணிக வடிவமான வோல்ட்டிபி பின்னர் பதிவேட்டின் உள்ளடக்கத்தையே மாற்றியது. "இந்தக் கணக்கின் இருப்பு 5000, அந்தக் கணக்கின் இருப்பு 9000" என்று விளைவுகளை எழுதாமல், "இதிலிருந்து அதற்கு 1000 மாற்று" என்ற கட்டளையை மட்டும் எழுதுவது. பத்து வரிசைகளை மாற்றும் பரிமாற்றத்துக்கும் ஒரே குறிப்புப் போதும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கட்டளையை மீண்டும் ஓட்டினால் அதே விளைவு வர வேண்டும். கட்டளைக்குள் 'இப்போதைய நேரம்' என்றோ குலுக்கல் எண் என்றோ இருந்தால் மீட்டெடுத்த தரவு பழையதுபோல் இருக்காது. இத்தாலியரான சால்வடோர் சான்ஃபிலிப்போ 2009இல் வெளியிட்ட ரெடிஸ் இதைக் கவனமாகக் கையாள்கிறது. கூட்டத்திலிருந்து ஏதேனும் ஒன்றை எடு என்ற `SPOP` கட்டளையைப் பதிவேட்டில் அப்படியே எழுதாமல், எடுக்கப்பட்டதன் பெயரைக் குறிப்பிட்டு நீக்கு என்று `SREM` ஆக எழுதுகிறது.

எவ்வளவு இழக்கலாம்?

ரெடிஸில் அந்தக் கேள்விக்கான விடை இரண்டு வரிகளில் இருக்கிறது:

```
appendonly yes
appendfsync everysec
```

இதன்படி பதிவேடு வினாடிக்கு ஒருமுறை வட்டில் உறுதியாகும். மின்தடை வந்தால் சுமார் ஒரு வினாடி வேலை போகலாம். `always` என்று மாற்றினால் ஒவ்வொரு விடைக்கும் முன் வட்டில் எழுதும், வேகம் குறையும். `no` என்றால் பொறுப்பு இயங்குதளத்துடையது. கடைத்தளத்தில் பார்வையாளர் எண்ணிக்கைக்கு முதலாவது போதும், பணக்கணக்குக்குப் போதாது.

வட்டு 'எழுதிவிட்டேன்' என்று சொல்வதையும் அப்படியே நம்பலாகாது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு வினாடிக்கு 120 முறையே சுழல்கிறது. குழு சேர்க்காமல், ஒன்றன்பின் ஒன்றாக எழுதி உறுதிப்படுத்தும் சோதனையில் அது வினாடிக்குப் பல ஆயிரம் காட்டினால், எழுத்து வட்டின் உள்நினைவகத்தில்தான் நிற்கிறது. அதற்கு மின்கல ஆதரவு இல்லையெனில் உறுதி என்பது பெயரளவே.

மீள்வதற்கும் நேரம் பிடிக்கும். 100 ஜிபி தரவின் நிழற்படத்தை வினாடிக்கு 500 எம்பி வேகத்தில் வாசித்தாலும் 200 வினாடிகள் ஆகும். அதன்பிறகே பதிவேட்டின் கட்டளைகளை மறுபடி ஓட்ட வேண்டும், இன்டெக்ஸ்களைக் கட்ட வேண்டும். இந்த இடைவெளியைத் தவிர்க்கவே இன்னொரு கணினியில் உயிருள்ள நகல் ஒன்றை வைத்திருக்கின்றனர். எச்-ஸ்டோரின் தொடக்க வடிவமைப்பு நகல்களை மட்டுமே நம்பிப் பதிவேட்டையே கைவிட எண்ணியது. வோல்ட்டிபியில் பதிவேடு திரும்பி வந்தது. இரண்டு கணினிகளும் ஒரே கூடத்தில், ஒரே மின்னிணைப்பில் இருந்தால் இரண்டும் ஒரே நொடியில்தான் அணையும்.