நன்னீருக்கு மட்டும்: ஐபி தரக்குறியீட்டின் வரலாறும் வரம்பும்

2022 ஜூன் மாதம் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் சாம்சங் நிறுவனத்தின் அந்நாட்டுக் கிளைக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2016 மார்ச் முதல் 2018 அக்டோபர் வரை அது வெளியிட்ட ஒன்பது விளம்பரங்கள் நுகர்வோருக்குத் தவறான எண்ணத்தைத் தந்தன என்பது குற்றச்சாட்டு. கேலக்ஸி எஸ்7, எஸ்8, நோட் 8 உள்ளிட்ட ஏழு மாடல்களை நீச்சல் குளத்துக்கும் கடலுக்கும் கொண்டுபோகலாம் என்று அந்த விளம்பரங்கள் காட்டின. குளத்து நீரோ கடல்நீரோ பட்ட போனை ஈரம் காய்வதற்குள் சார்ஜ் போட்டால் சார்ஜிங் துளை அரித்துப்போய், போனே செயலிழக்கும் வாய்ப்பு இருந்தது. நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது.

அந்த ஏழு மாடல்களும் ஐபி 68 தரம் பெற்றவை. பிறகு எப்படிக் கடல்நீரில் அரித்தன? இதற்கு விடை காண, ஐபி எண் எதை அளப்பதற்காக உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சுவிட்ச் பெட்டிக் காலம்

ஐபி எண் மின்சாரச் சாதனங்களின் கூடுகளுக்காகப் பிறந்தது. தாழ்வழுத்த சுவிட்ச் பெட்டிகளின் பாதுகாப்பு நிலைகளை வகைப்படுத்தி, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசி 1963இல் 144 என்ற எண்ணுள்ள ஆவணத்தை வெளியிட்டது. இந்தியாவிலும் அதே பொருளில் ஐஎஸ் 2147 என்ற தரநிலை 1962இலேயே வந்துவிட்டது. மோட்டார், ஜெனரேட்டர் போன்ற சுழலும் எந்திரங்களுக்குத் தனி விதிகள் இருந்தன. எல்லா வகைச் சாதனங்களுக்கும் பொதுவான ஒரே குறியீடாக 1976இல் ஐஇசி 529 வந்தது. இன்று 60529 என்று வழங்கும் தரநிலை இதுதான். 1989இல் இரண்டாம் பதிப்பும், 1999, 2013 ஆண்டுகளில் திருத்தங்களும் வந்தன. 72.5 கிலோவோல்ட் வரையிலான மின்சாதனங்களுக்கு இது பொருந்தும் என்று தரநிலையே சொல்கிறது. இதை எழுதியவர்கள் மனதில் இருந்தவை ஆலைகளும் மின்நிலையங்களும் கப்பல்களும். சட்டைப் பையில் கிடக்கும் போன் அப்போது யார் கற்பனையிலும் இல்லை.

முதல் இலக்கம் திடப்பொருள்களைப் பற்றியது. அதைப் பார்த்தாலே இந்தப் பூர்வீகம் தெரியும். இரண்டாம் நிலைக்கான சோதனைக் கருவி, 12 மி.மீ. விட்டமும் 80 மி.மீ. நீளமும் கொண்ட, கணுக்கள் மடங்கும் ஓர் உலோக விரல். பெட்டி இடுக்கில் அதை நுழைத்து, மின்னோட்டமுள்ள பாகத்தைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். தொழிலாளியின் கைக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதே அங்கே கவலை. தூசிக்கான ஐந்தும் ஆறும் டால்கம் பவுடர் சுழலும் அறையில் சோதிக்கப்படுகின்றன.

இரண்டாம் இலக்கம் நீரைப் பற்றியது. ஒன்றிலிருந்து ஆறு வரை சொட்டும் நீர், சாய்ந்து விழும் மழை, எத்திசையிலும் தெறிக்கும் நீர், குழாயிலிருந்து பீய்ச்சும் நீர் என்று வேகம் கூடிக்கொண்டே போகும். ஏழும் எட்டும் மூழ்கும் நிலைகள். ஆறாம் நிலையைப் பற்றி 1976ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது. கொந்தளிக்கும் கடலின் நீர் கேடு விளைவிக்கும் அளவுக்கு உள்ளே புகக் கூடாது என்று அது அந்த நிலையை வர்ணித்தது. ஆனால் சோதனையில் பீய்ச்சியது சாதாரணத் தண்ணீரைத்தான். கப்பல் தளத்தில் அடிக்கும் அலையின் விசை அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதிலுள்ள உப்பை அவர்கள் சோதனைக்குள் கொண்டுவரவில்லை. கடலைப் பெயரிட்டுச் சொன்ன இடத்திலேயே உப்பு கணக்கில் இல்லை என்பது இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. பிந்தைய பதிப்பில் கடல் என்ற பேச்சும் போய், வலிமையான நீர்ப்பீய்ச்சல் என்று மாறியது.

அரை மணி நேரச் சோதனை

போன் விளம்பரங்களில் அதிகம் அடிபடும் ஏழாம் நிலையின் சோதனை எளிமையானது. புதிய, சுத்தமான மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அதன் அடிப்பகுதி நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே இருக்கும்படி தொட்டியில் அமிழ்த்தி, 30 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். பிறகு எடுத்துத் திறந்து பார்ப்பார்கள். ஒரு சொட்டுகூட உள்ளே போயிருக்கக் கூடாது என்பது விதியல்ல. இயக்கத்தையோ பாதுகாப்பையோ கெடுக்கும் அளவுக்குப் போயிருக்கக் கூடாது, அவ்வளவுதான். எட்டாம் நிலையின் ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே முடிவு செய்யலாம். ஏழைவிடக் கடுமையாக இருந்தால் போதும். ஆகவே இரண்டு ஐபி 68 போன்கள் வெவ்வேறு ஆழங்களில் சோதிக்கப்பட்டிருக்கலாம்.

இதில் இரண்டு நிபந்தனைகளை விளம்பரங்கள் சொல்வதில்லை. நீர் நன்னீராக இருக்க வேண்டும். நீருக்கும் சாதனத்துக்கும் வெப்பநிலை வேறுபாடு 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. எந்த நாட்டு ஆய்வகத்தில் செய்தாலும் ஒரே முடிவு வர வேண்டுமானால் இப்படி வரையறுத்தே ஆக வேண்டும். அதோடு நில்லாமல், அரிப்பு, கரைப்பான்கள், வெயில், உள்ளே வியர்த்துப் படியும் ஈரம் ஆகியவற்றை இந்தக் குறியீடு கருதாது என்றும், அந்தந்தப் பொருளுக்கான தரநிலையே அவற்றைக் கவனிக்க வேண்டும் என்றும் இதன் முகப்புப் பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வெந்நீர்

5 டிகிரி வரம்பின் காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மூடிய கூட்டுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும். 30 டிகிரியில் உள்ள சாதனம் 25 டிகிரி நீரில் இறங்கிக் குளிர்ந்தால், அழுத்தம் ஏறத்தாழ 1.7 சதவீதம் குறையும். இது 17 செ.மீ. நீர்மட்டம் தரும் அழுத்தத்துக்குச் சமம். சோதனை இதைத் தாங்கிக்கொள்ளும். வெயிலில் நின்ற காரின் டாஷ்போர்டில் கிடந்து 50 டிகிரிக்குச் சூடான போனை அதே நீரில் போட்டால் குறைவு ஏறத்தாழ 8 சதவீதம். நீர்மட்டக் கணக்கில் சுமார் 80 செ.மீ. ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் போனின் கூட்டை மூடும் ஒட்டுப்பசைக்கு, ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பது போன்ற பளு. வெந்நீரில் ஊறிவிட்டுக் குளிர்ந்த நீருக்கு வரும் சாதனத்துக்கும் நேர்வது இதுவே.

அழுத்தத்தைச் சமப்படுத்த, பல போன்களில் நுண்துளைச் சவ்வு ஒன்று வைத்திருக்கிறார்கள். காற்று அதன் வழியே போய்வரும். நீர் தன் பரப்பு இழுவிசையால் அந்தத் துளைகளில் நுழைய முடியாமல் நின்றுவிடும். ஆனால் காற்று போகும் வழியில் நீராவியும் போகும். வெந்நீர்க் குளியலறையில் ஆவி உள்ளே புகுந்து, வெளியே வந்ததும் குளிர்ந்த கண்ணாடியில் படியும். கேமரா லென்ஸின் உட்புறம் மங்கலாகத் தெரிந்தால் ஆவி புகுந்திருக்கிறது என்று அறியலாம். சோப்பும் ஷாம்பூவும் கலந்த நீரின் பரப்பு இழுவிசை பாதியளவுக்கும் கீழே இறங்கிவிடுவதால், சவ்வு தடுக்கும் அழுத்த வரம்பும் சேர்ந்து இறங்கும். சூடு கூடினால் ஒட்டுப்பசை இளகும். கண்ணாடியும் அலுமினியமும் வெவ்வேறு அளவில் விரிவதால் அந்தப் பசை இருபுறமும் இழுபடும்.

வெந்நீருக்கென்று ஒரு நிலை பின்னாளில் வந்தது. லாரி, கான்கிரீட் கலவை வண்டி போன்றவற்றை அழுத்தமான சூடான நீரால் கழுவுவதற்காக, 1993இல் ஜெர்மனி தன் வாகனத் தரநிலையில் 69கே என்ற குறியீட்டைச் சேர்த்தது. 80 டிகிரி நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில், 10 முதல் 15 செ.மீ. தூரத்திலிருந்து, நான்கு கோணங்களில் கோணத்துக்கு 30 விநாடி பீய்ச்ச வேண்டும். ஐஇசி 2013இல் இதே வகைச் சோதனையை ஒன்பதாம் நிலையாக ஏற்றது. ஒன்பது என்பதால் ஏழும் எட்டும் அதில் அடங்கிவிட்டன என்று கொள்ளக் கூடாது. மூழ்கும் சோதனையில் தேறியது பீய்ச்சலில் தோற்கலாம். பீய்ச்சலில் தேறியது மூழ்கலில் தோற்கலாம். அதனால்தான் சில பெட்டிகளில் இரண்டு எண்களும் சேர்த்து அச்சிடப்படுகின்றன.

உப்புநீர்

உப்புநீரின் கதை வேறு. நன்னீர் நுழையாத இடுக்கில் உப்புநீரும் நுழையாது. ஐபி சோதனையின் பார்வையில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. சேதம் நடப்பது தடுப்புக்கு வெளியே. போனின் சார்ஜிங் துளையில் நீர்த்தடுப்பு வளையம் துளைக்குப் பின்னால்தான் இருக்கிறது. உலோகத் தொடுமுனைகள் அதற்கு வெளியே, நீர் தேங்கும் இடத்தில் நிற்கின்றன. ஐபி 68 எண் ஒரு சொட்டைக்கூட உள்ளே விடாமல் காத்தாலும், அந்த முனைகள் நனைந்தபடிதான் இருக்கும்.

கடல்நீர், குழாய்நீரைவிட ஏறத்தாழ நூறு மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். நனைந்த துளையில் சார்ஜர் வயரைச் செருகினால் முனைகளுக்கு இடையே 5 வோல்ட் மின்னழுத்தம் வந்துவிடுகிறது. நீரைப் பிரிக்க ஒன்றேகால் வோல்ட்டே போதும் என்பதால், அந்தச் சின்னத் துளை ஒரு மின்பகுப்புத் தொட்டியாகிவிடும். நேர்மின் முனையிலிருந்து உலோகம் கரையத் தொடங்கும். மேலே தங்கம் பூசியிருந்தாலும் பூச்சு மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியே குளோரைடு அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் தாக்கும். முனை கறுப்பது, பச்சைப் படிவு தெரிவது, வயரை அசைத்தால்தான் சார்ஜ் ஏறுவது ஆகியவை இதன் அடையாளங்கள். ஆஸ்திரேலிய வழக்கில் பேசப்பட்டது இந்தச் சேதம்தான்.

காயவைத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் இங்கே கைகொடுக்காது. காய்ந்தபின் தங்கும் உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரையும். கடலுப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையின் காலைக் காற்றில் 75ஐத் தாண்டுவது சாதாரணம். மெரினாவில் நனைந்து, வீட்டில் காய்ந்த போன் மறுநாள் காலையில் மறுபடி ஈரமாகும், அரிப்பும் தொடரும்.

உப்பைச் சோதிக்கத் தனி மரபு உண்டு. அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் பி117 1939இல் வந்தது. 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி அறையில் பனிபோல் தெளித்து, உலோகமும் பூச்சும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று பார்ப்பது அதன் முறை. ஐஇசியிலும் 60068 வரிசையில் உப்புமூட்டச் சோதனைகள் உண்டு. ஐபி எண் மட்டும் உள்ள சாதனம் இவற்றைக் கடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

2020இல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிள் நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தபோதும், ஆய்வகத்தின் அசையாத தூய நீரில் கிடைத்த முடிவை அந்த நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்லாமல் விளம்பரப்படுத்தியது ஒரு காரணமாக இருந்தது. நீரால் கெட்ட போனுக்கு வாரண்டி மறுக்கப்பட்டது மற்றொரு காரணம். ஐபி எண்ணை அச்சிடும் ஒவ்வொரு பெட்டியிலும் அதற்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், ‘நன்னீர், அறை வெப்பநிலை’ என்று சேர்க்கும்படி நம் தரநிலை அமைப்புகள் கட்டாயப்படுத்த வேண்டும். அது வரும்வரை, கடல்நீர் பட்ட போனை உடனே குழாய்நீரில் அலசுங்கள், துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து நீரை வடியவிடுங்கள், முழுக்கக் காயும்வரை சார்ஜர் வயரைச் செருகாதீர்கள்.