மணிக்கட்டுப் பட்டையும் மார்புப் பட்டையும்

ஷாவ்மி ஸ்மார்ட் பேண்ட் 9 மணிக்கட்டில் கட்டுவது. போலார் எச்10 மார்பைச் சுற்றிக் கட்டுவது. இரண்டும் இதயத்துடிப்பைத்தான் சொல்கின்றன, கண்டுபிடிக்கும் வழிதான் வேறு. மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே தோலிலிருந்து எடுத்துவிடுகிறது. கைப்பட்டையோ தோலுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, ரத்தம் வந்து போவதற்கேற்ப அது எப்படி மாறித் திரும்புகிறது என்று பார்த்துக் கணிக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். கை ஆடத் தொடங்கினால்தான் வம்பு.

ஈஜோக்கில் செம்பனைத் தோட்டப் பாதையில் ஒருவர் மெதுவாக ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 160 அடி வைக்கிறார். மார்புப் பட்டை 130 துடிப்பு என்கிறது, கைப்பட்டை 160 என்கிறது. கை வீசும் தாளத்தையே நாடித் தாளம் என்று எடுத்துக்கொள்வது மணிக்கட்டுக் கருவிகளுக்குப் பொதுவான கோளாறு. துடிப்பும் அடியும் ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டு நின்றால் சந்தேகப்படலாம். ஓட்டத்தை நிறுத்தியதும் கழுத்து நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும்.

பழக்குலைகளை ஒற்றைச் சக்கர வண்டியில் தள்ளிப் போகிறவருக்கு நடப்பது வேறு. கால் நடக்கிறது, ஆனால் பிடியை இறுக்கிய கை ஆடுவதில்லை. அடிக்கணக்கு குறைகிறது. இறுகிய தசையால் நாடியும் சரியாகப் பிடிபடாமல் போகலாம். கலோரிக் கணக்கு அதைவிட மோசம். 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, கலோரியில் ஆகச் சிறந்ததே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. அந்த எண்ணை நம்பி இன்னொரு ரொட்டி சானாய் சொல்லிவிடாதீர்கள்.

பேட்டரியில் கைப்பட்டைக்கு ஒருமுறை சார்ஜ் 21 நாள் தாங்கும் என்கிறது நிறுவனம். திரையை எப்போதும் எரியவிட்டால் 9 நாள்தான். துடிப்பை இடைவிடாமல் அளப்பதும் இரவு முழுக்க ஆக்சிஜன் பார்ப்பதும் நாள்களை இன்னும் தின்னும். மார்புப் பட்டைக்கு சார்ஜ் கிடையாது. ஒரு சிறு வட்டப் பேட்டரி சுமார் 400 மணி நேரம் ஓடும். பயிற்சி முடிந்ததும் கருவியைப் பட்டையிலிருந்து கழற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் அது வேலை செய்துகொண்டே இருக்கும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வசதி என்பது வியர்வைக் கணக்குதான். மார்புப் பட்டைக்கு ஈரம் வேண்டும், காய்ந்த தோலில் மின்துடிப்பு சரியாக வராது. ஆனால் நாள் முழுக்க அதைக் கட்டிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. கைப்பட்டையைக் கட்டியதே மறந்துபோகும். அங்கேதான் வினை: ரப்பர் போன்ற வாருக்கு அடியில் உப்பும் சோப்பும் தங்கி அரிப்பெடுக்கும். குளித்ததும் கழற்றி, வாரையும் தோலையும் துடைத்துக் காயவிட்டுக் கட்டினால் பெரும்பாலும் தணியும். ஓடும்போது எலும்பு மொட்டுக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். மற்ற நேரத்தில் ஒரு துளை தளர்த்திவிடலாம்.

காலை நடைக்கும் தூக்கக் கணக்குக்கும் நான் கைப்பட்டையைத்தான் வாங்கச் சொல்வேன். துடிப்பைப் பார்த்தே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஓட்டக்காரருக்கு மார்புப் பட்டை இல்லாமல் ஆகாது.